இருநூறு வார்த்தைக்குள் யானைக்கால்

காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும், கோயில் ஞாபகம் வரும். எங்கள் ஆபீசுக்கு வீங்கின கால்தான் ஞாபகம் வரும். எழுபதுகளின் நடுவில், யானைக்கால் நோயைத் தடுப்பதற்கென்று ஊரில் இருந்த ஒரு சின்ன அரசு ஆபீசில் நான் உயிரியல் உதவியாளனாக இருந்தேன். பெயர்தான் கம்பீரம். வேலை என்னவோ மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, கண்ணாடி ஸ்லைடில் காய்ந்துபோன ரத்தத்தில் புழு இருக்கிறதா என்று தேடுவது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாராயணம் பண்ணினவர்களும் பாடம் சொன்னவர்களும்தான். நான் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுப் புழு எண்ணினேன். யாராவது விசாரித்தால் அப்பா, "கவர்ன்மெண்ட்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆபீசில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். இந்த விஷயத்துக்கு என்னைத் தவிர மூன்று பேர் போதும்.

முதலில் ஆபீசர். அவர் டாக்டர். நோயாளியைத் தொட்டுப் பார்த்து எத்தனை வருஷமோ, ஆனால் பேனாவை ஒருநாளும் கீழே வைத்ததில்லை. இங்கிலீஷ் எழுதுவதில் அப்படி ஒரு மோகம். பினாயில் வேண்டும் என்று மேலே எழுதுவதற்கே ஒன்றரைப் பக்கம் ஆகும், அதில் பினாயில் கடைசிப் பத்தியில்தான் வரும். இரண்டாவது டைப்பிஸ்ட் அம்மா. நாற்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. ஆபீசர் எழுதியதை எல்லாம் வருஷக்கணக்காக அடித்து அடித்து, எந்த வார்த்தைக்கு வேலை உண்டு, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லமாட்டார்.

மூன்றாவது ஆள் முசரவாக்கத்துக்காரர். விவசாயக் குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். பதிவேட்டில் அவர் பதவி 'பூச்சி சேகரிப்பாளர்'. உண்மையில் அவர் சேகரித்தது ரத்தம். அதையும் ராத்திரியில்தான் சேகரிக்க முடியும். யானைக்கால் புழு போடும் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் ஆழத்தில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு மேல், கொசு கடிக்கிற நேரம் பார்த்து, தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தத்துக்கு வரும். கொசுவோடு அதற்கு அப்படி ஓர் ஒப்பந்தம். பகலில் அதே மனிதன் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தால் ஸ்லைடு சுத்தமாக இருக்கும், ஆள் சுத்தமாக இருக்கமாட்டான். அதனால் அவர் தினமும் இருட்டினதும் சைக்கிளில் அரிக்கேன் விளக்கும் ஸ்லைடு பெட்டியுமாகக் கிளம்பி, நெசவாளர் தெருக்களில் கதவு தட்டிக் கதவு தட்டி, நடுராத்திரி வரைக்கும் விரல் குத்துவார்.

ராத்திரியில் கதவைத் தட்டி ரத்தம் கொடு என்றால் யாரும் வாங்க உட்காருங்க என்று சொல்லமாட்டார்கள். அதிலும் காஞ்சிபுரத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. தறியில் உட்காருகிறவர் விரலைக் குத்தவிட மாட்டார். பட்டில் ஒரு பொட்டு ரத்தம் பட்டால் புடவை போச்சு. இதற்கு முசரவாக்கத்துக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். இடது கை மோதிர விரலில் மட்டும்தான் குத்துவார். குத்திவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரத்தம் நிற்கிறவரை கூடவே உட்கார்ந்திருப்பார். நின்றதும் துணி சுற்றிக் கட்டி, அந்த விரலால் வீட்டுக்காரம்மாவின் வெள்ளைத் துணி எதையாவது தொடச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒரு வீட்டுக்குக் கால்மணி ஆகும். மற்ற ஊர்களில் ஒரு ராத்திரிக்கு அறுபது எழுபது எடுக்கிறார்கள், இங்கே ஏன் இவ்வளவு குறைச்சல் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும். ஆபீசர் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதுவார்.

முசரவாக்கத்துக்காரருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பகல் வேலை. எங்கள் ஆபீசில் லேப் டெக்னீஷியன் இடம் ஒன்று காலியாகியிருந்தது. ஸ்லைடுக்குச் சாயம் போடுவது, மைக்ராஸ்கோப் பார்ப்பது. காலையில் வந்து சாயங்காலம் போகலாம். சாயம் போடவும் புழு பார்க்கவும் அவர் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு, சில நாள் நான் விட்டதையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆனால் அந்த இடத்துக்குக் கேட்ட படிப்பு அவரிடம் இல்லை. ஆபீசர் மனது வைத்து, அனுபவத்தைக் காட்டி விசேஷமாகச் சிபாரிசு எழுதினால் உண்டு. ஆபீசர் நேரடியாகவே சொன்னார்: விஞ்ஞான மாநாட்டில் ஒரு பேப்பர், அதில் இவர் பெயர், அது ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதம். இது கையில் இருந்தால் எழுதுகிறேன், இல்லாமல் எழுதினால் மேலே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று.

பேப்பருக்கு விஷயம் இருந்தது. மூன்று வருஷமாக ஊரில் ஆறு தெருக்களில் வாராவாரம் சாக்கடைக்கும் தேங்கின குட்டைக்கும் கொசு எண்ணெய் ஊற்றினோம். வேறு ஆறு தெருக்களில் ஊற்றவில்லை. இரண்டு பக்கத்திலும் அவர் எடுத்த ரத்தத்தை நான் பார்த்தேன். கிடைத்த முடிவு ஆபீசருக்குப் பிடிக்காத முடிவு. எண்ணெய் ஊற்றின தெருக்களில் கொசு கணிசமாகக் குறைந்தது. ரத்தத்தில் புழு இருக்கிறவர்களின் விகிதம் குறையவே இல்லை. ஊற்றாத தெரு எப்படியோ இதுவும் அப்படியே. யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உடம்புக்குள் போன புழு பல வருஷம் உயிரோடு இருந்து குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும், சாக்கடையில் ஊற்றின எண்ணெய் அதற்கு எப்படி எட்டும்? எண்ணெயோடு, புழு இருக்கிறவர்களுக்கு மாத்திரையும் கொடுத்தால்தான் பிரயோஜனம். எளிமையான விஷயம், ஆனால் ஊருக்குத் தேவையான விஷயம்.

டெல்லி மாநாட்டிலிருந்து ஒரு படிவம் வந்தது. நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்கு மேலே விதிகள். சுருக்கம் இங்கிலீஷில் இருநூறு வார்த்தைக்குள் இருக்க வேண்டும். நோக்கம், முறை, முடிவு, முடிவிலிருந்து தேறும் கருத்து, நான்கும் அந்த வரிசையில் இருக்க வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் படிக்காமல் திருப்பி அனுப்பப்படும். இது சம்பந்தமாகக் கடிதப் போக்குவரத்து கிடையாது. இப்படி நறுக்கென்று எழுதத் தெரிந்த ஆட்களும் அரசாங்கத்தில் இருக்கிறார்களா என்று எனக்கு ஒரு மரியாதையே வந்தது.

முதல் படியை ஆபீசரே எழுதினார். "நீங்க எல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க, லாங்வேஜை என்கிட்ட விடுங்க" என்றார். விட்டோம். நானூற்றுச் சொச்சம் வார்த்தை வந்தது. காஞ்சி மாநகரம் பல்லவர் காலம் தொட்டுக் கல்விக்கும் கலைக்கும் பெயர் பெற்றது என்று தொடங்கி, கோயில்களை ஒரு சுற்றுச் சுற்றி, பட்டின் மென்மையைப் புகழ்ந்து, கொசு வந்து சேர்வதற்குள் தொண்ணூறு வார்த்தை தீர்ந்துவிட்டது. முறை என்ற பகுதியில் மைக்ராஸ்கோப் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் வாங்கியது என்றெல்லாம் இருந்தது. மேலதிகாரிகள் இருவருக்கு நன்றி. முடிவு என்ற பகுதிதான் உச்சம். அங்கே ஒரே வாக்கியம்: 'ஆய்வின் முடிவுகள் மாநாட்டில் விரிவாக விவாதிக்கப்படும்.'

நான் மெதுவாக, முடிவு எங்கே சார் என்று கேட்டேன். அதைப் போட்டால் வார்த்தை கூடிவிடும், அதனால் சிக்கனமாக முடித்துவிட்டேன் என்றார். பல்லவருக்குத் தொண்ணூறு, புழுவுக்குப் பூஜ்யம்.

அடுத்த பத்து நாள் தினமும் மத்தியானம் அவர் மேஜையில் வெட்டு வேலை நடந்தது. நான் கத்தரிப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு. சுருக்கத்துக்கு நாலு கால் சார், எதற்குச் செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன கண்டோம், அதனால் என்ன, ஒன்று போனாலும் கட்டில் ஆடும் என்று முதல் நாளே பிரசங்கம் செய்தேன். பல்லவர் போனார். கோயில்கள் போயின. பட்டின் மென்மை ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுப் போனது. நன்றி போக மூன்று நாள் ஆனது. சுருக்கத்தில் நன்றி சொல்கிற வழக்கமே இல்லை என்று நான் சொல்ல, அவர்கள் கோபித்துக்கொண்டால் என்று அவர் கேட்க, அவர்கள் படிக்கவேமாட்டார்கள் சார் என்றேன். அதில் அவர் சமாதானம் ஆனார்.

பெயர் விஷயத்தில் வேறு ஒரு தகராறு. மூன்று பேர் பெயர் போட்டால் வார்த்தை கூடும், பூச்சி சேகரிப்பாளர் பெயரை எடுத்துவிடலாமா என்று ஆபீசர் இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருஷம் ரத்தம் எடுத்தவர் பெயர் இல்லாமல் பேப்பர் எதற்கு என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். டைப்பிஸ்ட் அம்மா படிவத்தை எடுத்து, தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் இருநூறில் சேராது என்ற வரியில் விரலை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பெயர் நின்றது. நான் ஒரு பெரிய நியாயத்தை நிலைநாட்டிவிட்டதாக இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பிறகு நுணுக்கமான வேலை. மைக்ராஸ்கோப் கம்பெனி போனது. ஸ்பிரிட்டால் விரலைத் துடைத்தது போனது. இடது கை மோதிர விரல் போனது. அதை அடிக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஆனால் எந்த விரல் என்பதால் புழு மாறப்போவதில்லை. பரிசோதித்தோம் என்று ஒரு வாக்கியம், பரிசோதித்ததில் கண்டோம் என்று இன்னொரு வாக்கியம் இருந்தன, இரண்டையும் ஒட்டினால் ஆறு வார்த்தை மிச்சம். எழுத்தால் எழுதிய எண்ணை இலக்கத்தில் போட்டால் நாலு வார்த்தை ஒன்றாகிவிடும். ஆபீசர் விகிதம் மட்டும் போதும் என்றார். எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதும் கூடவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் பத்துப் பேரைப் பார்த்தோமா ஆயிரம் பேரைப் பார்த்தோமா என்று படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று சண்டை போட்டு அதைக் காப்பாற்றினேன். எத்தனை கன மில்லிமீட்டர் ரத்தம் என்பதையும் காப்பாற்றினேன். எது இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாதோ அதைத் தொடக்கூடாது என்று நானே அவருக்கு விளக்கமாகச் சொன்னேன்.

கருத்துப் பகுதியில்தான் பெரிய பேரம். எண்ணெய் ஊற்றுவது எங்கள் ஆபீசின் பெருமைக்குரிய வேலை. அது மட்டும் போதாது என்று நம் கையாலேயே எழுதுவதா என்று ஆபீசர் முறுக்கிக்கொண்டார். எண்ணெய்ப் பணி உற்சாகத்துடன் தொடரப்பட வேண்டும் என்று முடிக்கப் பார்த்தார். கண்டது ஒன்று, சொல்வது ஒன்றாக இருந்தால் டெல்லிக்காரன் சிரிப்பான் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. 'இந்த வட்டாரத்தில் முதன்முறையாக' என்ற சொற்றொடர் நோக்கத்தில் இருந்தே தீரவேண்டும். இங்கிலீஷில் அது ஏழு வார்த்தை. ஓர் உண்மையைக் காப்பாற்ற ஏழு வார்த்தைப் பெருமையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஒத்துக்கொண்டேன்.

கடைசியில் சரியாக இருநூறு. நான் மூன்று தடவை எண்ணினேன். மறுநாள் ரிஜிஸ்டர் தபாலில் போட்டால்தான் தேதிக்குள் போய்ச் சேரும். ஆபீசர் முகப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாகறல் முகாமுக்கு ஜீப்பில் போய்விட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு டைப்பிஸ்ட் அம்மா, படிவத்தில் அடிப்பதற்கு முன்னால், வெற்றுத்தாளில் அடித்த படியைப் பென்சில் முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். என்னைக் கூப்பிட்டார். இருநூற்று இரண்டு. நடுவில் சிறுகோடு போட்டு ஒட்டிய வார்த்தைகளை நான் ஒன்றாக எண்ணியிருந்தேன். அவற்றை இரண்டாக எண்ண வேண்டும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அப்படி இரண்டு வார்த்தைகள்.

அவர் ஒரே பார்வையில் வழியைச் சொன்னார். "சார், முதன்முறையாகன்னு வருதே, அத்த எடுத்துட்டா ஏழு போயிடும். அஞ்சு மிச்சமே இருக்குது."

சரியான யோசனை. அந்த ஏழு வார்த்தைக்கு அந்தத் தாளில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஆபீசர் திரும்பி வந்து நகலைப் பார்ப்பார். பேச்சு மாறிவிட்டேன் என்பார். சிபாரிசே எழுதமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்? அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முசரவாக்கத்துக்காரருக்காகத்தான் பயந்தேனாம். என் வேலையைப் பற்றி வருஷக் கடைசியில் மேலிடத்துக்கு ரகசியக் குறிப்பு எழுதுகிறவரும் அதே ஆபீசர்தான் என்பதை நான் அப்போது நினைக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம்.

பென்சிலை வாங்கிக்கொண்டு தாள் மேல் குனிந்தேன். இரண்டே வார்த்தை. எண்ணைத் தொட முடியாது. தெருக்களைத் தொட முடியாது. மாத்திரையைத் தொட முடியாது. முறைப் பகுதியில், ரத்தம் எடுக்கப்பட்டது என்பதற்குப் பக்கத்தில், 'அட் நைட்' என்று இருந்தது. கச்சிதமாக இரண்டு. எடுத்தாலும் வாக்கியம் நொண்டவில்லை. யானைக்கால் ரத்தத்தை எந்த மடையனாவது பகலில் எடுப்பானா? எங்கள் ஆபீசில் காவல்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. மேலும் கீழும் பார்க்காமல் ஒரு கோடு இழுத்தேன்.

டைப்பிஸ்ட் அம்மா, "ராத்திரின்றத எடுக்கிறீங்களே சார்" என்று மட்டும் கேட்டார்.

"இதைப் படிக்கிறவன் இதே தொழில்ல இருக்கிறவன்மா. அவனுக்குத் தெரியாததா?"

அவர் படிவத்தை மிஷினில் மாட்டினார். அடித்து முடித்து எண்ணினோம். இருநூறு. கட்டத்துக்குள் ஓர் ஓரமும் பிதுங்காமல் கட்டிவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நானே தபால் ஆபீசுக்கு நடந்து போய் ரிஜிஸ்டர் செய்தேன். வரும் வழியில் காபி சாப்பிட்டேன். அவ்வளவு திருப்தி.

அன்று சாயங்காலம் ஸ்லைடு பெட்டி எடுக்க வந்த முசரவாக்கத்துக்காரரிடம், தபால் போயாச்சு, உங்கள் பெயர் மூன்றாவதாக இருக்கிறது என்று சொன்னேன். நகலை வாங்கித் தன் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார். மற்ற இங்கிலீஷ் அவருக்கு ஓடாது. பகல் வேலை கிடைத்தால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வெட்கத்தோடு சொன்னார். அவர் வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், காலையில் அவர் எழுந்திருக்கும்போது பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். அவர்கள் முழித்திருக்கிறபோது பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். அதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நான் அபயம் கொடுத்தேன்.

ஏழு வாரம் கழித்து டெல்லியிலிருந்து உறை வந்தது. ஆபீசர் என்னையும் டைப்பிஸ்ட் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டுப் பிரித்தார். அச்சடித்த காகிதம். ஏற்பதற்கில்லை என்பதில் குறி. அடியில் மசியால் யாரோ எழுதிய இரண்டு வரி. ரத்தம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று குறிப்பிடப்படவில்லை. பகலில் எடுத்திருந்தால் இரண்டு வகைத் தெருக்களுக்கும் வித்தியாசம் இல்லை என்ற முடிவுக்குப் பொருளே இல்லை.

அந்த இரண்டு வரியை மறுபடி படித்தேன். அப்புறம் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. வேறு எந்த முடிவாக இருந்தாலும் தப்பித்திருக்கலாம். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நேரம் எழுதாததை அவன் மன்னித்திருப்பான். நாங்கள் சொன்னதோ, வித்தியாசம் இல்லை என்று. பகலில் குத்தினால் எல்லாத் தெருவிலும் ஏறக்குறையப் புழுவே அகப்படாது, வித்தியாசம் எங்கிருந்து வரும்? எங்கள் முடிவு முழுக்க அந்த இரண்டு வார்த்தையின் மேல் உட்கார்ந்திருந்தது. எது இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாதோ அதைத் தேடிப் பிடித்து அடித்திருந்தேன். டெல்லிக்காரன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவன் எங்களைப் பற்றி எதையும் அனுமானிக்கவில்லை, தாளில் இருப்பதைப் படித்தான், அவ்வளவுதான். அந்தப் புண்ணியவான்மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆபீசர் முதலில் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தார். "டைப்ல விட்டுட்டீங்களா? இப்படியா கேர்லெஸ்ஸா இருப்பீங்க?" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வெற்றுத்தாள் படி, என் பென்சில் கோட்டோடு, அந்த அம்மாவின் மேஜை இழுப்பறையில் இருந்தது எனக்குத் தெரியும். அதை எடுத்து நீட்டியிருக்கலாம். எடுக்கவில்லை.

நான்தான் சார் கோடு போட்டு அடித்தேன் என்றேன். சொன்னது வீரத்தால் இல்லை. அந்த அம்மா பேசாமல் நின்றதைப் பார்க்க முடியவில்லை.

ஏன் அடித்தாய் என்று கேட்டார். இரண்டு வார்த்தை கூடியதைச் சொன்னேன். வேறு எதையாவது எடுத்திருக்கலாமே என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. அவர் நகலை ஒரு தடவை படித்தார், 'முதன்முறையாக' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு மடித்துக் கோப்பில் வைத்தார். ஆனாலும் நல்ல இங்கிலீஷ் என்றார். சிபாரிசைப் பற்றிக் கேட்டேன். பேப்பர் இல்லாமல் என்னத்தை எழுதுவது, டெக்னீஷியன் இடத்துக்கு இந்த வாரமே பெயர் அனுப்ப வேண்டும், மேலே ஏற்கெனவே வேறு ஊர்ப் பையன் ஒருவன் பெயர் இருக்கிறது என்றார். அடுத்த வருஷ மாநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஆறுதலும் சொன்னார். அடுத்த வருஷம் அந்த இடம் காலியாக இருக்காது.

ஐந்தரைக்குக் கிளம்புகிற நான் அன்று ஏழு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். முசரவாக்கத்துக்காரர் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே, "வந்துடுச்சா சார்?" என்றார். வந்துவிட்டது, வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள் என்றேன். ரத்தத்தில் ஏதாவது கோளாறா, ஸ்லைடு சரியில்லையா என்று கேட்டார். தன் வேலையில்தான் தப்பு என்று அவருக்கு முதல் நினைப்பு. இல்லை, உங்கள் ரத்தம் சரி, ஸ்லைடு சரி, ராத்திரியில் எடுத்தது என்று எழுதியிருந்ததை இடம் போதாமல் நான்தான் அடித்துவிட்டேன், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். என் ஆயுளில் அதற்கு முன் எங்கள் ஆபீசில் யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

"அப்போ பகல்ல எடுத்துட்டோம்னு நெனச்சிக்கினாங்களா சார்?"

"அப்படியும் இருக்கலாம்னு எழுதியிருக்காங்க."

"பகல்ல எடுத்திருந்தா நான் ஏன் சார் பகல் வேலை கேக்கப் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு சரியாக வரவில்லையே என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். மூன்று வருஷத்தில் ஒரு ராத்திரிகூட நான் அவரோடு போனதில்லை. ஸ்லைடு காலையில் மேஜைக்கு வரும், நான் பார்ப்பேன். அவர் நாய்க்கடி வாங்கியதும், திருடன் என்று நினைத்து ஒரு தெருவே அவரை வளைத்துக்கொண்டதும் எனக்குக் கதையாகத்தான் வந்தன. எனக்கு ராத்திரி என்பது அந்தத் தாளில் இரண்டு வார்த்தை, அதனால்தான் எடுக்க முடிந்தது. அவர் கையில் பென்சில் இருந்திருந்தால் மற்ற இருநூறையும் அடித்துவிட்டு அதை மட்டும் விட்டுவைத்திருப்பார்.

அவர் கழுவிவைத்த ஸ்லைடுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினார். ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் புட்டி எல்லாம் சரிபார்த்தார். விளக்கைத் துடைத்துப் பற்றவைத்தார். அன்றைக்கு எண்ணெய் ஊற்றாத தெருக்களில் ஒன்று அவர் முறை. நானும் வருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் ஆபீசைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். வழக்கம்போல் ஒன்பதரைக்குப் படுத்தேன். அன்று தூக்கமே வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது.